படத்தில் கண்ட இறால்

தில்லியில் சாணக்யபுரியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இறால் இப்பொழுதெல்லாம் முதலில் படமாகத்தான் வந்து சேருகிறது. நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ பிறந்தவர்கள் கூடையின் அருகே குந்தி அமர்ந்து, ஒன்றைக் கையில் எடுத்து, விரலால் அழுத்தி, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்த பிறகே விலை பேசுவார்கள். இங்கே அப்படியில்லை. ஐ.என்.ஏ. சந்தைக்கோ சித்தரஞ்சன் பார்க் மீன் கடைகளுக்கோ நேரில் செல்லப் பொழுதில்லாதவர்கள் கடைக்காரரின் கைப்பேசி எண்ணை வைத்திருக்கிறார்கள். அவர் ‘ஜீங்கா வந்திருக்கிறது’ என்று ஒரு வரி எழுதி, கூடவே ஒரு படத்தையும் அனுப்பிவைக்கிறார். வேண்டும் என்று பதில் எழுதிவிட்டால் உடனே தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, பையில் கட்டிவிடுவார். உரித்த இறாலைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் வழக்கம் எங்கும் கிடையாது. ஆகவே முடிவு படத்தைப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்திலேயே எடுக்கப்பட வேண்டியதாகிறது.

அந்தப் படத்திலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும், எவ்வளவு முடியாது என்பதே இன்றைய பேச்சின் பொருள். தலையின் நிறம், கரும்புள்ளி, ஓட்டின் உறுதி என்று மூன்று அடையாளங்களைப் பொதுவாகச் சொல்வார்கள். மூன்றும் மெய்யான அடையாளங்களே. ஆயினும் அவற்றுள் எது பெரிது, எது சிறிது என்பதில் பலர் தலைகீழாக எண்ணுகிறார்கள். கரும்புள்ளியைக் கண்டதும் அஞ்சி ஒதுங்குகிறார்கள். தளர்ந்த தலையைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் இந்த இறால் எங்கிருந்து வருகிறது என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். தில்லிச் சந்தையில் காணப்படும் வெள்ளை இறாலில் பெரும்பகுதி ‘வனாமி’ எனப்படும் வளர்ப்பு இனம். பசிபிக் கடலின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இந்த இனத்தை நம் நாட்டில் வளர்க்க 2009-ஆம் ஆண்டில் அனுமதி வழங்கப்பட்டது. அதன்பின் ஆந்திரக் கரையோரக் குளங்களே இதன் தலையாய விளைநிலமாயின. அங்கிருந்து தில்லிக்குச் சாலைவழியோ இருப்புப்பாதைவழியோ ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் பயணம். வழியில் எத்தனை முறை பெட்டி திறக்கப்பட்டது, உருகிய பனிக்கட்டிக்கு ஈடாகப் புதிது போடப்பட்டதா என்பதெல்லாம் வாங்குவோருக்குத் தெரியாது. மீனுக்கும் இறாலுக்கும் பொருந்தும் ஒரு கணக்கு உண்டு. 10 பாகை வெப்பத்தில் ஒரு நாள் கிடந்தால், பனிக்கட்டியில் 0 பாகையில் நான்கு நாள் கிடந்ததற்கு ஏறக்குறைய ஒப்பான கேடு விளைகிறது. எனவே ‘பிடித்து எத்தனை நாள்’ என்ற கேள்வியைவிட ‘எப்படிக் கிடந்தது’ என்ற கேள்வியே முக்கியம். அதற்கான விடை இறாலின் உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கருமையிலிருந்து தொடங்குவோம். இறாலின் உடலில் ஒருவகை நொதி இருக்கிறது. அது செம்புச் சத்தைக் கொண்டது. இறால் உயிருடன் இருக்கும்போது அதன் ஓட்டில் காயம் பட்டால், இந்த நொதி காயம்பட்ட இடத்தில் கரிய பொருளொன்றை உண்டாக்கி, கிருமி நுழையாமல் அடைத்துவிடுகிறது. நம் தோலுக்கும் தலைமயிருக்கும் கருநிறம் தரும் மெலனின் என்ற பொருளும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அதாவது கருமை என்பது இறாலுக்கு மருந்து. இறால் இறந்த பின்னரும் அந்த நொதி சாவதில்லை. உடலைக் கட்டுப்படுத்தும் ஆட்சி போன பிறகு அது தன் தொழிலைத் தடையின்றித் தொடர்கிறது. காற்றிலுள்ள பிராணவாயு அதற்குத் துணை. எனவே இறந்த இறாலின் ஓட்டில், குறிப்பாக ஓட்டின் விளிம்புகளிலும் அடியிலுள்ள மெல்லிய தோலிலும், கருமை படியத் தொடங்குகிறது. நறுக்கிவைத்த வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுப்பதும் இதே வகை வேலைதான்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, இந்தக் கருமை அழுகல் அன்று. கிருமிகளின் வேலையும் அன்று. கருத்த ஓட்டை நீக்கிவிட்டால் உள்ளே சதை பெரும்பாலும் வெண்மையாகவே இருக்கும். இரண்டாவது, கருமைக்குக் காலமும் காற்றும் வேண்டும். எந்த மருந்தும் இடாமல் பனிக்கட்டியில் நன்றாகப் புதைத்து வைத்த இறாலில் இரண்டு மூன்று நாட்களில் அது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். வெயிலில் திறந்து கிடந்தால் சில மணி நேரமே போதும். ஆகவே கருமை என்பது ஒரு கடிகாரம். ஆனால் சரியாக ஓடும் கடிகாரம் என்று சொல்வதற்கில்லை. காற்று பட்ட இடத்தில் விரைந்தும் படாத இடத்தில் மெதுவாகவும் ஓடும் கடிகாரம் அது. உறையவைத்து உருக்கிய இறாலில் அது இன்னும் வேகமாக ஓடும். ஏனெனில் உறைய வைப்பது நொதியைக் கொல்வதில்லை. உறங்க வைக்கிறது, அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறாமல் இருக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் ‘பிளாக் ஸ்பாட்’ என்று சொல்லும்போது அது இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறது. ஒன்று, இப்போது நாம் கண்ட, இறந்தபின் வரும் கருமை. மற்றொன்று, குளத்தில் உயிருடன் இருக்கும்போதே ஓட்டை அரிக்கும் கிருமிகளால் வரும் நோய். இரண்டையும் ‘கரும்புள்ளி’ என்றே தமிழாக்கிவிட்டால் படிப்பவர் இரண்டையும் ஒன்றெனக் கொள்வார். முன்னதைக் ‘கருமை படிதல்’ என்றும், பின்னதை ‘ஓட்டரிப்பு’ என்றும் சொல்லுவதே தெளிவு என்பது என் கருத்து. படத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. கருமை படிதல் ஒழுங்கைப் பின்பற்றும். தலையோட்டின் பின் விளிம்பில் தொடங்கி, உடலின் ஒவ்வொரு கணுவும் சேருமிடத்தில் வளையம்போல் ஓடி, நீந்துகால்களின் அடியிலும் வால் நுனியிலும் புகை படிந்தாற்போல் தோன்றும். குவியலில் பல இறால்களுக்கும் ஒரே இடத்தில் இருக்கும். ஓட்டரிப்போ ஒழுங்கற்றது. ஒன்றின் விலாவில், மற்றொன்றின் முதுகில் எனச் சிதறி, நடுவில் குழி விழுந்து, விளிம்பு பழுப்பாகக் காணப்படும். அது குளத்தின் தூய்மைக்குச் சான்று. இறாலின் புதுமைக்குச் சான்றாகாது.

கருமை என்று மயங்கக்கூடிய வேறு சிலவும் உண்டு. முதுகில் நீளவாக்கில் ஓடும் கரிய கோடு இறாலின் குடல். அது நிறைந்திருந்தால் அறுவடைக்கு முன் தீனி நிறுத்தப்படவில்லை என்று பொருள்; பழையது என்று பொருளாகாது. புலி இறாலின் கரும்பட்டைகள் அதன் பிறவிக் குணம். சேறு ஒட்டியிருந்தால் விரலால் துடைத்தால் போய்விடும். படிந்த கருமை போகாது.

இனித் தலைக்கு வருவோம். இறாலின் உயிர்நிலை மட்டுமன்று, அதன் கேட்டின் நிலைக்களமும் தலையே. தலையோட்டின் கீழே கல்லீரலும் கணையமும் ஒன்றானது போன்ற ஒரு சுரப்பி இருக்கிறது. உண்டதைக் கரைக்கும் நொதிகள் யாவும் அதிலேயே நிறைந்திருக்கின்றன. இறால் இறந்ததும், குளிர்ச்சி போதாதிருந்தால், அந்தச் சுரப்பி தன்னைத் தானே கரைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. பின் அதன் சாறு தலைக்குள் பரவி, கழுத்தையும் முதல் கணுவையும் சேர்க்கும் சதையையும் தோலையும் தின்கிறது. நல்ல வனாமி இறாலின் தலையோட்டினூடே பார்த்தால், இந்தச் சுரப்பி கரும்பழுப்பாக, ஓரம் தெளிந்த ஒரு சிறு திட்டாகத் தெரியும். சுற்றியுள்ள பகுதி பளிங்குபோல் இருக்கும். இது நன்று. அந்தத் திட்டின் ஓரம் மங்கி, மஞ்சளோ ஆரஞ்சு நிறமோ தலை முழுதும் பரவியிருந்தால் சுரப்பி உடைந்துவிட்டது என்று கொள்ளலாம். இப்படிப்பட்ட தலைகள் பல இருப்பின் அறுவடையின்போதோ வழியிலோ குளிர்ச்சி தவறியிருக்கிறது. நல்ல பண்ணைகளில் பிடித்தவுடனே பனிக்கட்டி கலந்த நீரில் முக்கிக் கொல்வதும், அறுவடைக்குச் சில மணி நேரம் முன்னரே தீனியை நிறுத்துவதும் இந்தக் கேட்டைத் தவிர்ப்பதற்கே.

நிறத்தில் இன்னொன்றும் உண்டு. இறால் வெந்தால் சிவப்பது ஏன் என்பதைப் பலர் கேட்டிருப்பார்கள். அதன் ஓட்டில் செந்நிறப் பொருள் ஒன்று புரதத்துடன் பிணைந்து மறைந்திருக்கிறது. புரதம் குலைந்தால் சிவப்பு வெளிப்படுகிறது. அடுப்பு மட்டுமன்றி, நெடுநேர வெப்பமும் கேடும்கூடப் புரதத்தைக் குலைக்கும். ஆகவே பச்சை வெள்ளை இறாலின் உடலில் அங்கங்கே இளஞ்சிவப்புத் திட்டுகள் காணப்படின் ஐயுற வேண்டும். ஆனால் கேரளக் கரையின் கரிக்காடி போன்ற இனங்கள் இயல்பிலேயே செம்பழுப்பு நிறம் கொண்டவை. இனம் தெரியாமல் நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது.

மூன்றாவது அடையாளமான உறுதியைக் கண்ணால் காண முடியாது. அது விரலின் வேலை. ஆயினும் உறுதி குறைந்தால் உருவம் மாறுகிறது. அந்த மாற்றம் படத்தில் பதியும். தலைக்கும் முதல் கணுவுக்கும் இடையே பார்க்க வேண்டும். நல்ல இறாலில் தலையோட்டின் பின் விளிம்பு முதல் கணுவின்மேல் மூடி போல் படிந்திருக்கும். இடையில் வெண்மையான ஒரு பிளவு தெரிந்தாலோ, தலை ஒரு பக்கம் சாய்ந்து தொங்கினாலோ, கழுத்துச் சதை கரைந்துவிட்டது என்பது உறுதி. குவியலையும் பார்க்க வேண்டும். உறுதியுள்ள இறால்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, இடையிடையே இருள் தெரியக் கிடக்கும். தளர்ந்தவை ஈரத் துணிபோல் ஒன்றோடொன்று படிந்து, கீழுள்ளதன் வடிவத்தைத் தானும் பெற்றிருக்கும். மீசைகள் ஒடிந்திருப்பதைப் பெரிதாக எண்ண வேண்டா. நெடும்பயணத்தில் அவை ஒடிவது இயல்பு.

ஓடு மென்மையாக இருப்பது மட்டுமே கேட்டின் அடையாளம் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இறால் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிவிடுகிறது. புதிய ஓடு கெட்டியாக ஓரிரு நாள் பிடிக்கும். அந்த நாளில் பிடிபட்ட இறாலின் ஓடு தாள்போல் மெல்லியதாக இருக்கும். சதையோ நல்லதாகவே இருக்கும். இத்தகையது குவியலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடக்கும். குவியல் முழுதும் தளர்ந்திருந்தால் காரணம் வேறு. ஓட்டுக்கும் சதைக்கும் இடையே இடைவெளி விழும் ஒரு நோயும் வளர்ப்பு இறால்களில் 1990-களின் இறுதியிலிருந்து நம் நாட்டில் காணப்பட்டு வருகிறது. அது வந்த இறாலும் பார்வைக்குப் பழையது போலவே தோன்றும். வாங்குவோருக்கு அந்த வேறுபாடு தேவையில்லை. இரண்டையும் விலக்க வேண்டியதே.

இப்பொழுது இவற்றையெல்லாம் ஓர் உண்மைப் படத்தில் பொருத்திப் பார்ப்போம். எங்கள் குடியிருப்பில் அடுத்த வீட்டிலுள்ள அம்மையார் ஒரு சனிக்கிழமை காலையில் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். மறுநாள் அவர் வீட்டில் பதினான்கு பேருக்கு விருந்து. இரண்டு கடைக்காரர்கள் ஆளுக்கொரு படம் அனுப்பியிருந்தார்கள். இரண்டும் தலையோடு கூடிய வனாமி. விலையில் வேறுபாடு சிறிதே. முதற் படத்தில் நீலத் தட்டின் மேல் பனிக்கட்டித் துண்டுகள் தூவியிருந்தன. தெளிவாகத் தெரிந்த தலைகள் பதினெட்டு. அவற்றுள் பதினொன்றில், பின் விளிம்பில் மெல்லிய கரிய கோடு. இரண்டாவது படத்திலோ ஒரு புள்ளியும் இல்லை. இறால்கள் கழுவிய பீங்கான்போல் மின்னின. அம்மையாரின் மனம் இரண்டாவதை நாடியதில் வியப்பில்லை. “இது எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது, பாருங்கள்” என்றார்.

நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளை என்பது உண்மைதான். ஆனால் எண்ணக்கூடிய இருபது தலைகளில் எட்டில் ஆரஞ்சு நிறம் பரவியிருந்தது. ஆறில் தலைக்கும் உடலுக்கும் நடுவே பிளவு. குவியலின் நடுவில் இருள் இல்லை. எல்லாம் ஒட்டிப் படிந்து கிடந்தன. முதற் படத்திலோ கருமை இருந்தும், தலைகளின் உள்ளே பழுப்புத் திட்டு ஓரம் தெளிந்து நின்றது. பிளவு ஒன்றில்கூடக் காணவில்லை. உடல்கள் வளைந்து, ஒன்றையொன்று தாங்கிக் கிடந்தன.

இவ்வளவு தளர்ந்தும் இரண்டாவதில் ஏன் கருமை இல்லை என்பதே கேள்வி. கருமைக்குக் காலமும் காற்றும் போதும் என்றோம். காலம் போய்விட்டதைத் தலைகள் சொல்லுகின்றன. கருமை மட்டும் வரவில்லை. ஆகவே அதைத் தடுத்த ஒன்று இருந்திருக்க வேண்டும். மிகுதியும் வழக்கத்தில் உள்ளது சோடியம் மெட்டாபைசல்பைட் என்ற வெள்ளைத் தூள். அதை நீரில் கரைத்து இறாலைச் சிறிது நேரம் முக்கியெடுத்தால் நொதியின் வேலை தடைப்படும். இது கள்ள வேலை என்று எண்ணிவிடக் கூடாது; சட்டம் அளவோடு இடம் கொடுத்திருக்கிறது. பச்சை இறாலின் உண்ணும் பகுதியில், கந்தக-டை-ஆக்சைடாகக் கணக்கிட்டால், ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது கோடெக்ஸ் எனப்படும் உலக உணவுத் தரக்குழு விதித்த வரம்பு. அளவுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. இழுப்பு நோய் உள்ள சிலருக்கு மட்டும் இந்தப் பொருள் மூச்சுத்திணறலை உண்டாக்கும். அடுத்த வீட்டு அம்மையாரின் மாமியாருக்கு நெடுநாளாக இழுப்பு உண்டு. எனவே இது வெறும் சுவையைப் பற்றிய விஷயமாக இல்லை.

ஆனால் இந்தத் தூள் நொதியை மட்டுமே தடுக்கும். தலையின் சுரப்பி கரைவதை நிறுத்தாது. ஆகவே கருமையற்ற இறாலும் உள்ளே பழசாகலாம். கடிகாரத்தின் முள்ளைப் பிடித்து நிறுத்தினால் நேரம் நிற்பதில்லை அல்லவா! படத்தை மட்டும் வைத்துத் தூள் போடப்பட்டது என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குச் சோதனைத் தாளோ ஆய்வுக்கூடமோ வேண்டும். தலைகள் பழையவை என்று மட்டும் தயங்காமல் சொல்லலாம்.

முதற் கடையையும் ஒரே படத்தை நம்பி ஏற்கவில்லை. தட்டின் மேலடுக்கைத்தான் எல்லாரும் படம் பிடிப்பார்கள். மேலடுக்கில் காற்று படுவதால் கருமை மிகும். அடியடுக்கிலோ உருகிய நீரும் மேலுள்ள பாரமும் சேர்ந்து தளர்ச்சி மிகும். ஆகவே இரண்டு காரியங்களைக் கேட்டு எழுதச் சொன்னேன். முதலாவது, தட்டின் அடியிலிருந்து ஐந்து இறால்களை எடுத்து, வெள்ளைத் தாளின்மேல் பக்கவாட்டில் வரிசையாக வைத்து, கடை வாயிலின் வெளிச்சத்தில், கைப்பேசியின் விளக்கைப் போடாமல் ஒரு படம். கடைகளில் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தால் எல்லாத் தலையும் ஆரஞ்சாகத் தெரியும். நீலத் தார்ப்பாயின் கீழ் எடுத்தால் மஞ்சள் மறைந்துவிடும். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறங்களையும் நம்பலாம். இரண்டாவது, ஓர் இறாலை நடு உடலில் பிடித்துத் தூக்கி, மற்றொரு கையின் விரலால் முதுகை ஒருமுறை அழுத்திவிடும் சில விநாடி அசையும் படம். அந்தப் படத்தில் அன்றைய நாளிதழின் ஓர் ஓரமும் தெரியட்டும் என்றேன். நேற்றைய படத்தையே இன்றும் அனுப்புவது சந்தையில் புதிதன்று.

கடைக்காரர் நல்லவர்; கால் மணி நேரத்தில் இரண்டும் வந்தன. ஐந்தில் நான்கின் தலை மூடிபோல் படிந்திருந்தது. ஒன்றில் மட்டும் மெல்லிய பிளவு. தூக்கியபோது தலை தொங்கவில்லை. விரல் பட்ட பள்ளம் விரலை எடுத்த கணமே மறைந்தது. தளர்ந்த இறாலில் அந்தப் பள்ளம் தங்கும். சில வேளை ஓடே சதையிலிருந்து வழுக்கும். அம்மையார் இரண்டரைக் கிலோ வாங்கிவர ஆள் அனுப்பினார், உரிக்க வேண்டா, தலையோடே வேண்டும் என்று சொல்லி.

தலையோடு வாங்கியதற்குக் காரணம் உண்டு. படம் எதைச் சொல்லாதோ அதை மூக்கு சொல்லும். பை வந்ததும் அம்மையார் ஓர் இறாலின் தலையைத் திருகி, கழுத்தை முகர்ந்து பார்த்தார். கடல் வாடை மட்டுமே இருந்தது. நவச்சார வாடை, அதாவது அம்மோனியா வாடை, தொண்டையைக் கமறச் செய்தால் அது கிருமிகளின் வேலை. அத்தகையதை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. மொத்தத்தில் ஏழு இறால்களை அவர் ஒதுக்கினார். அவற்றுள் கருமை மிகுந்தவை இரண்டுதான். மற்ற ஐந்தும் கருமையே இல்லாமல் கழுத்துக் கரைந்தவை.

படத்தின் எல்லை எது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கிருமிகளை எந்தப் படமும் காட்டாது. புதிதாகப் பிடித்த இறாலிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். அவற்றுக்கு அடுப்பே மருந்து. சதை ஒளி ஊடுருவாத வெண்மையாகும்வரை வேக வைக்க வேண்டும். மேலும், கைப்பேசி வழியே அனுப்பும்போது படம் சுருங்குவதால் மெல்லிய சாம்பல் நிறச் சாயல்கள் கரைந்துபோகின்றன. லேசாகத் தொடங்கிய கருமை படத்தில் தெரியாமல் தட்டில் தெரிந்தால் கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. நீர் தெளித்த பளபளப்பும் எதையும் காட்டாது. கெட்ட இறாலும் நனைந்தால் மின்னும்.

தலை கிள்ளிய இறாலின் படம் வந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். தலையோடு நாம் கண்ட சான்றுகளில் பாதி போய்விடுகிறது. கழுத்துவெட்டில் சதை வெண்மையாக, ஓரம் கூர்மையாக நிற்கிறதா, அல்லது மஞ்சள் கசிந்து நார்நாராகப் பிரிகிறதா என்று பார்க்கலாம். கணுக்களின் கருமையையும், உடல் தானே வளைந்து நிற்பதையும் பார்க்கலாம். ஓட்டையும் உரித்துவிட்ட இறாலின் படத்திலோ ஏறக்குறைய ஒன்றும் இல்லை; அங்கே நேரில் சென்று முகர்ந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. தலை வேண்டாதவர்கள்கூட முழு இறாலின் படத்தைக் கேட்டுப் பார்த்து, அதன்பின் தலையைக் கிள்ளச் சொல்லுவது நலம். கூலி ஒன்றுதான், கேட்கும் நேரமும் அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது.